வேம்புவின் பலமான பதில்

ஒரு பதிவைக் கேட்க உட்கார்ந்தால் கலைச்செல்வன் முதலில் அதன் தலையையும் வாலையும் வெட்டிவிடுவான். நாற்காலி இழுக்கிற சத்தம், மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிற பேச்சு, தண்ணீர் பாட்டில் மூடி உருள்வது எல்லாம் போய்விடும். ‘வணக்கம் சார்’ என்பதில் தொடங்கி ‘தேங்க் யூ சார்’ என்பதோடு கோப்பு முடியும். அதன் பிறகு இயர்போனை இடது காதில் மட்டும் செருகிக்கொண்டு, நோட்டில் ஸ்கேல் வைக்காமல் நடுவே ஒரு கோடு இழுப்பான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிமிடமும் வினாடியும், அந்தப் பக்கம் சொன்ன பதில். யாரும் பேசாத இடம் வந்தால் பேனா முனையால் புள்ளி வைப்பான், ஒரு வினாடிக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்கு மேல் போனால் அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடுவான். அந்த வட்டங்களைப் பார்த்தாலே போதும், பதில் சொன்னவர் எங்கே தடுமாறினார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். வேலை தேடுகிறவர்களை மூன்று மாதம் உட்கார வைத்து, கணினியும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்து, கடைசி வாரத்தில் ஒத்திகை இன்டர்வியூ நடத்துவார்கள். மையத்தை நடத்துகிற சிவசுப்பிரமணியன் சார் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மேசைமேல் ஒரு செல்போன் கவிழ்ந்து கிடந்து பதிவு செய்யும். அந்தப் பதிவைக் கேட்டு ஆளுக்கு ஒரு தாள் எழுதித் தர வேண்டும். பலமான பதில்கள், பலவீனமான பதில்கள், பயிற்சி என்று தாளில் மூன்று பகுதி. அதை எழுதுவதுதான் கலைச்செல்வனின் வேலை.

அவனும் ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். குன்னம் பக்கத்துக்காரன். அப்பாவுக்கு மக்காச்சோளமும் பருத்தியும் போட மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நிலம். தமிழில் முதுகலை முடித்துவிட்டுப் பதினோரு இன்டர்வியூவுக்குப் போனான். எதிலும் வாய் திறந்து நாலு வாக்கியம் கோவையாக வரவில்லை. ஆனால் ஒத்திகையில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள், எங்கே நின்றார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து எழுதி வைத்திருந்த நோட்டு சார் கையில் சிக்கியது. “நீ வெளிய போயி என்னத்தக் கிழிக்கப் போற. இங்கயே இருந்து இத எழுது” என்றார் சார். கிண்டலாகச் சொன்னதுதான். முப்பத்து நாலு வயதாகியும் அவன் அங்கேயேதான் இருந்தான்.

தாளில் பொத்தாம் பொதுவாக எதையும் எழுத மாட்டான். ‘தன்னம்பிக்கை தேவை’ என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வான்? ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் நாலு நிமிடம் பேசினீர்கள். ஒன்றரை நிமிடத்தில் முடியும்படி மூன்று தடவை போனில் பதிவு செய்து, மூன்றாவதை எனக்கு அனுப்புங்கள்’ என்றுதான் எழுதுவான். ஒவ்வொரு பலவீனத்துக்கும் ஒரு பயிற்சி. ஒவ்வொரு பலத்துக்கும் அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஒன்று, நிமிடக் கணக்கோடு. தாள் கிடைத்தவர்கள் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். அவன் சொல்லி யாரும் எதையும் செய்ததில்லை. எழுதிக் கொடுத்தால் செய்தார்கள்.

சித்திரையில் முடிந்த பிரிவில் இருபத்தாறு பேர். அவர்களில் ஒருத்தி வேம்பு. அரியலூரிலிருந்து உள்ளே போகிற கிராமம். ஊர் எல்லையிலேயே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளம். பி.எஸ்சி. வேதியியல் முடித்த வருடமே அம்மா ஜெகதாம்பாள் பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். ஏழு வருடம் அம்மாவைப் புரட்டிப் போடுவதிலேயே போனது. அம்மா எழுந்து உட்காரத் தொடங்கியபின் மையத்துக்கு வந்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே கலைச்செல்வன் கண்ணில் அவள் பட்டாள்.

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கம்பெனி, ஆய்வுக்கூட உதவியாளராகச் சுற்று வட்டார ஊர்களிலிருந்து இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. வயது முப்பதுக்குள். வேம்புவுக்கு ஆவணியில் முப்பது முடிகிறது. இதற்கு முன் அவர்கள் ஆள் எடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது.

“இது போச்சுன்னா அப்பறம் முந்திரி உடைக்கிற எடந்தாண்ணே. பக்கத்து வூட்டு அக்கா சொல்லி வச்சிருக்கு” என்று ஒருநாள் படியிறங்கும்போது சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒத்திகை முடிந்த மறுநாள் சார் இருபத்தாறு பதிவையும் கலைச்செல்வனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

“கலை, இனிமே நீ காதத் தீட்டிக்கிட்டு உக்கார வேணாம்யா. புதுசா ஒரு ஆப் போட்டிருக்கேன். ஆடியோவ உள்ள தள்ளுனா அதுவே எழுதிக் குடுத்து, பலம் பலவீனம் எல்லாம் பிரிச்சும் குடுத்துருது. நீ ஒரு கண்ணு பாத்துட்டு ஏத்திவுடு.”

“சரிங்க சார்.”

“சரின்னுட்டு மறுபடி உக்காந்து புள்ளி வச்சிக்கிட்டிருக்காத. நாளன்னிக்குள்ள இருபத்தாறும் வேணும்.”

அவன் வழக்கம்போலத் தலையும் வாலும் வெட்டிய கோப்புகளைத்தான் ஆப்பில் ஏற்றினான். வேம்புவின் பதிவு வெட்டியபின் பதினெட்டு நிமிடம். ஆப் கொடுத்த சுருக்கம் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. மூன்று பலமான பதில்கள் இருந்தன. அதில் முதலாவது, ‘எரித்தபின் ஏற்படும் எடை இழப்பைத் தெளிவாக விளக்கினார்’ என்று இருந்தது. கலைச்செல்வன் இயர்போனைச் செருகி அந்த இடத்துக்குப் போனான்.

சாரின் குரல் கேள்வி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவன் புள்ளி வைக்கத் தொடங்கினான். பதினொன்று. பிறகு சாரின் குரலே மறுபடி வந்தது. “அரைச்ச மாதிரிய எடை போட்டு, உலைல ஆயிரம் டிகிரி கிட்ட வச்சி, ஆறவுட்டு மறுபடி எடை போட்டா எவ்ளோ கொறஞ்சிருக்கோ அது. அதான?” “ஆமாங்க சார்” என்றாள் வேம்பு.

சாருக்கு அது ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் வாய் மூடி உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியாது. கம்பெனிக்காரர் யாரோ எழுதிக் கொடுத்த கேள்வி பதில் தாளைப் பார்த்து அவரே பதிலையும் படித்துவிடுவார். மேசையில் கிடந்தது ஒரே போன். ஆப்புக்கு எது யார் குரல் என்று பிரிக்கத் தெரியவில்லை. சார் படித்த பதிலை எல்லாம் எடுத்து வேம்புவின் கணக்கில் வைத்திருந்தது. இரண்டாவது பலமும் அப்படித்தான். மூன்றாவது, ‘பணிவாகப் பேசினார்’.

மெஷினின் தவற்றைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆப் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை விரித்துக் கோடு இழுத்தான்.

பதினெட்டு நிமிடத்தைக் கேட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏழு வட்டங்கள். அறிமுகத்தில் மூன்று தடவை தொடக்கத்துக்கே திரும்பினாள். ஏழு வருடம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்றதற்கு அம்மாவின் மாத்திரைப் பெயர் வரைக்கும் சொன்னாள். ஆனால் பதிமூன்றாம் நிமிடத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத ஒரு இடம் இருந்தது.

“படிச்ச கெமிஸ்ட்ரி இத்தன வருசத்துல எங்கயாச்சும் ஒதவுச்சாம்மா?” என்று சார் கேட்கிறார்.

“எங்க ஊருக் கெணத்துத் தண்ணில பருப்பு வேகாம போச்சு சார். சோப்பு நொரைக்கல. எல்லாரும் சாமிக் குத்தம்னாங்க. நான் படிச்ச காலேஜுல மேடத்தக் கேட்டு, அங்க லேப்ல வச்சி நாலு கெணத்துத் தண்ணிய டைட்ரேசன் போட்டுப் பாத்தேன். அம்மா தூங்குற நேரமாப் பாத்து ஓடியாந்துருவேன். மூணு மாசம், வாராவாரம். ஊருக்கு நடுவுல இருக்குற கெணத்துல லிட்டருக்கு முந்நூத்திப் பத்து மில்லிகிராம் கடினத்தன்மை. கல்லுப் பள்ளத்துப் பக்கம் போகப் போக ஏறிக்கிட்டே போயி, கடைசிக் கெணத்துல அறுநூத்தி இருவது. பேப்பர்ல எழுதிப் பஞ்சாயத்துல குடுத்தேன். இப்ப லாரித் தண்ணி வருது சார்.”

அவன் அதை நாலு தடவை கேட்டான். என்ன பிரச்சினை, தான் என்ன செய்தாள், என்ன அளவு வந்தது, அதனால் என்ன நடந்தது. இருபத்தாறு பேரில் ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் அவன் கேட்ட ஆயிரத்துச் சொச்சம் பதில்களில் இது ஒன்றுதான் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது என்று தோன்றியது. ஆப் இதைப் பலவீனத்தில் போட்டிருந்தது. ‘நீளமான பதில், பணிக்குத் தொடர்பு குறைவு.’

மெஷினுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

தாளில் பலமான பதில்கள் என்ற தலைப்புக்குக் கீழே அது ஒன்றை மட்டும் எழுதினான். ‘13:05. கிணற்று நீர்ச் சோதனை. உங்கள் சொந்த வேலை, சொந்த அளவு. இதுதான் உங்கள் பலம்.’ பலவீனத்தில் ஐந்து. பயிற்சியில் ஐந்து. எரித்தபின் எடை இழப்பு, அமிலத்தைத் தண்ணீரில் கலக்கும் முறை இரண்டையும் புத்தகத்தைப் பார்த்துப் படித்து, மூடி வைத்துவிட்டுத் தன் வார்த்தையில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஏழு வருட இடைவெளிக்கு இரண்டே வாக்கியம், அதற்கு மேல் பேசக் கூடாது. கடைசிப் பயிற்சியாக இப்படி எழுதினான்: ‘கிணற்று நீர்ச் சோதனையைக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். அறிமுகத்திலேயே கொண்டு வாருங்கள்.’

மறுநாள் தாள்களைச் சார் மேசையில் வைத்தான். சார் யாரோடோ போனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். வேம்புவின் தாளும் அப்படியே போனது.

“படிச்சிப் பாருங்க சார்” என்றான்.

“நீ எழுதுனா சரியாத்தான்யா இருக்கும்” என்றார் சார், போனைக் கையால் மூடிக்கொண்டு.

தாள் கிடைத்த அன்று சாயங்காலமே வேம்பு போன் செய்தாள். பஸ்ஸிலிருந்து பேசினாள். பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது.

“அண்ணே, ரிப்போர்ட்டு பாத்தேன். இந்தக் கெணத்துத் தண்ணி விசயம்…”

“ம்.”

“அத அங்க சொல்லலாமாண்ணே?”

யாரும் அவனிடம் அப்படி ஒரு கேள்வியை நேராகக் கேட்டதில்லை. தாளில் இருப்பதோடு அவன் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு ஏனோ குரல் தடையில்லாமல் வந்தது.

“அதத்தாங்க சொல்லணும். மத்ததெல்லாம் எல்லாருஞ் சொல்லுவாங்க. இது ஒங்களோடது. மொதல்லயே சொல்லிருங்க. பயப்படாம சொல்லுங்க.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. பழக்கத்தில் அவன் விரல் மேசையில் தட்டியது. ஆறு.

“சரிங்கண்ணே. நீங்க சொன்னா சரி” என்றாள்.

கூச்சம் என்று நினைத்தான். அவனுக்குத் தெரிந்த கூச்சம்தானே.

அடுத்த பத்து நாளும் பயிற்சியெல்லாம் ஒழுங்காக வந்தன. மூன்றாவது பதிவு, ஐந்தாவது பதிவு என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். எடை இழப்பைப் பத்தே வாக்கியத்தில் அழகாகச் சொன்னாள். இடைவெளிக் கேள்விக்கு, ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கவனித்துக்கொண்டேன். இப்போது தேறிவிட்டார், வேலைக்கு வர முடியும்’ என்று சொல்லி நிறுத்தினாள். நிறுத்தியது அவனுக்குப் பிடித்திருந்தது. வட்டங்கள் குறைந்து குறைந்து ஒரு பதிவில் இல்லாமலே போயின. அவனுக்கே வேலை கிடைக்கப் போவது போல இருந்தது. தன் அறையில் சமைத்துக்கொண்டிருக்கும்போது அவள் பதில்களை அவன் வாய் முணுமுணுத்தது.

இன்டர்வியூ ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

“முடிஞ்சிருச்சிண்ணே.”

“எப்புடிங்க போச்சு?”

“எடை எழப்பு கேட்டாங்க. சொன்னேன். நல்லாருக்குன்னாங்க. ஆசிடு கேட்டாங்க, அதுவும் சொன்னேன்.”

“அறிமுகம்?”

“அதான் மொதல்லயே கேட்டாங்க. கெணத்துத் தண்ணியத்தான் சொன்னேன். மூணு பேரு இருந்தாங்க. நடுவுல இருந்தவரு பேனாவக் கீழ வச்சிட்டாரு. ‘எந்த ஊரும்மா நீ’ன்னாரு. சொன்னேன். ‘அப்ப எங்க பள்ளத்தாலதான் தண்ணி கெட்டுச்சிங்கிறியா’ன்னு கேட்டாரு.”

கலைச்செல்வன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்கிட்ட அளவுதான் சார் இருக்கு, காரணம் நான் சொல்லலன்னேன். ‘அந்தப் பேப்பரப் பஞ்சாயத்துல குடுத்தது நீதானா’ன்னாரு. ஆமான்னேன். அப்பறமும் ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. காப்பி குடிச்சிட்டுப் போம்மான்னாங்க.”

“சொல்லியனுப்புறோம்னாங்களா?”

“ஆமாண்ணே.” பிறகு அவளே, “கெடைக்காதுண்ணே” என்றாள். பக்கத்து ஊர்க்காரனுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

அவனுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. குன்னத்து மானாவாரிக்காரனான அவன் அந்தப் பதிலைப் பதிலாக மட்டும் கேட்டிருக்கிறான். எந்த மேசைக்கு முன்னால் சொல்லப்போகிற பதில் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. பள்ளம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவன் இடது காதில் அளவு மட்டும்தான் விழுந்தது.

“நாந்தாங்க சொல்லச் சொன்னேன்” என்றான்.

“நல்லதுக்குத்தான சொன்னீங்க. வுடுங்கண்ணே” என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவன் சாரிடம் சொன்னான். சார் தாளின் நகலை வாங்கி முதல் தடவையாகப் படித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“என்னய்யா கலை. அவன் வூட்டுக்கே போயி அவன் கெணத்துல கல்லு கெடக்குதுன்னு சொல்ல வச்சிருக்க.”

“நீங்க கையெழுத்துப் போட்டீங்க சார்.”

அவன் அவரிடம் எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அது. சார் கோபப்படவில்லை. தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, “வேற எதாச்சும் வந்தாப் பாப்போம்” என்றார். வரவில்லை. இரண்டு இடத்துக்கும் ஆள் எடுத்துவிட்டதாக வைகாசியில் கேள்விப்பட்டார்கள். ஆவணி வந்து போனது. வேம்பு சான்றிதழ் வாங்க ஒருநாள் வந்தாள். விரல் நுனிகள் முந்திரிக்கொட்டையின் பால் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. கையெழுத்துப் போடும்போது பேனாவை நுனி படாமல் பிடித்தாள். அம்மா இப்போது சுவரைப் பிடித்து நடப்பதாகச் சொன்னாள். மன்னிப்பைத் தாளில் எழுதித் தரலாம் என்றால் அவன் கேட்டிருப்பானோ என்னவோ. படியில் அவள் இறங்குகிற சத்தம் நின்ற பிறகும் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தான்.

அதற்குப் பிறகும் அவன் தாள் எழுதினான். ஆப் கொடுப்பதை ஒரு கண் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றினான். சாருக்குச் சந்தோஷம். புள்ளி வைக்கிற நோட்டு அலமாரியில் கிடந்தது.

கார்த்திகையில் போனில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. பழைய பிரிவின் முழுப் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தான். அழிப்பதற்கு முன் வெட்டிய கோப்பும் முழுக் கோப்பும் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு வந்தவன் வேம்புவின் பெயரில் நின்றான். வெட்டியது பதினெட்டு நிமிடம். முழுப் பதிவு இருபத்தொன்றரை. தலையில் அரை நிமிடம்கூட இருக்காது. மீதி மூன்று நிமிடமும் வாலில் இருந்தது. ‘தேங்க் யூ’ சொன்ன பிறகு பதிவை நிறுத்தச் சார் மறந்திருக்கிறார். இயர்போனைச் செருகி, அவன் எப்போதும் வெட்டுகிற இடத்திலிருந்து ஓடவிட்டான்.

நாற்காலி இழுபட்டது. பாட்டில் மூடி உருண்டது. பிறகு வேம்பு, ஒத்திகை முடிந்த நிம்மதியில், அவன் கேட்டேயிராத ஒரு கலகலத்த குரலில் சொன்னாள்.

“சார், அந்தக் கெணத்துத் தண்ணி கதைய நான் அங்க வாயத் தொறக்க மாட்டேன் சார். அவுங்க பள்ளமாச்சே. இங்க நம்மாளுங்கதானன்னு சொல்லிட்டேன்.”

“ஆமாம்மா. அங்க போயி மூச்சு வுட்றாத” என்றார் சார்.

இருவரும் சிரித்தார்கள்.